ரெண்டு ட்யூப், ரெண்டு கலர்: ஒரு எக்மோ கேஸ், பத்தொன்பது நாள்

நான் சென்னையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில பெர்ப்யூஷனிஸ்ட். ஆபரேஷன் தியேட்டர்ல ஹார்ட் லங் மிஷின் ஓட்டறது, ஐசியூல ரத்தத்த வெளிய எடுத்து ஆக்ஸிஜன் ஏத்தி உடம்புக்கே திருப்பி விடற எக்மோ மிஷின் பாத்துக்கறது, இதுதான் வேலை. இந்த கேஸ்ல ரெண்டு தடவை மாட்டிக்கிட்டோம். ரெண்டு தடவையும் பம்ப் ஸ்க்ரீன்ல இருந்த ரத்த ஓட்ட நம்பர் சரியாதான் இருந்துச்சு, அதனாலதான் எழுதி வைக்கறேன். பேஷண்ட் பேரு, ஊரு எதுவும் போடல.

பின்னணி

34 வயசு ஆம்பள, 72 கிலோ, சுகர் பிபி எதுவும் இல்ல. ஒரு வாரமா காய்ச்சல் இருமல், ஊர்லயே மெடிக்கல்ல மாத்திரை வாங்கி போட்டுக்கிட்டு வேலைக்கும் போயிருக்கார். மூச்சு வாங்க ஆரம்பிச்ச அப்புறம்தான் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க, டெஸ்ட்ல எச்1என்1 ஃப்ளூன்னு வந்துச்சு. ரெண்டு நாள்ல வென்டிலேட்டர் போட வேண்டியதாச்சு, அங்க இருந்து எங்ககிட்ட அனுப்பினாங்க.

வந்தப்போ எக்ஸ்ரேல ரெண்டு பக்கமும் வெள்ளை. வென்டிலேட்டர்ல 100 சதவீதம் ஆக்ஸிஜன், தசைய தளர்த்தற மருந்து ஓடுது, 16 மணி நேரம் குப்புற படுக்க வெச்சும் பாத்தாச்சு. அப்பவும் தமனி ரத்தத்துல ஆக்ஸிஜன் அழுத்தம் 62தான், கார்பன் டை ஆக்சைடு 71, பிஎச் 7.21. காத்த உள்ள தள்ள மிஷின் கொடுக்கற பிரஷர் 34 வரைக்கும் போயிடுச்சு. 30 தாண்டினா நல்லா இருக்கற கொஞ்ச நஞ்ச லங்ஸும் கிழிய ஆரம்பிக்கும்.

ஏன் எக்மோன்னு முடிவு பண்ணோம்

2018ல வந்த இயோலியா ஆய்வுல யாருக்கு எக்மோ போடலாம்னு ஒரு அளவுகோல் வெச்சிருந்தாங்க. ரத்த ஆக்ஸிஜன் அழுத்தத்த, கொடுக்கற ஆக்ஸிஜன் பங்கால வகுத்தா 80க்கு கீழ ஆறு மணி நேரத்துக்கு மேல இருக்கணும், இல்ல 50க்கு கீழ மூணு மணி நேரம். இவருக்கு 62, எட்டு மணி நேரமா. அந்த ஆய்வுல 60 நாளுக்குள்ள இறந்தவங்க எக்மோ குரூப்ல 35 சதவீதம், வழக்கமான சிகிச்சையில 46 சதவீதம். வித்தியாசம் புள்ளிவிவர கணக்குப்படி உறுதின்னு சொல்ற அளவுக்கு வரலை, ஆனா வேற வழி தீர்ந்துபோன ஆளுக்கு போடலாம்னு சொல்ல எங்களுக்கு அது போதும். வயசு கம்மி, வென்டிலேட்டர்ல போட்டு மூணே நாள், லங்ஸ தவிர வேற உறுப்பு கெடல, நோயும் திரும்ப சரியாகக்கூடிய நோய். கடைசியா சொன்னதுதான் முக்கியம், ஏன்னா இந்த மிஷின் எதையும் குணப்படுத்தாது, லங்ஸ் தானா ஆற்ற வரைக்கும் ஆள உயிரோட வெச்சிருக்கும், அவ்வளவுதான்.

வீட்டுக்காரங்ககிட்ட எக்மோன்னு சொன்ன உடனே மனைவி முகம் மாறிப்போச்சு. எங்க ஊர் பக்கம் இந்த வார்த்தைய ஜனங்க முதல்ல கேட்டது 2016 டிசம்பர்ல ஜெயலலிதா அம்மாவுக்கு போட்டப்போ, அப்புறம் 2020ல எஸ்.பி.பி.க்கு. ரெண்டும் எப்படி முடிஞ்சுதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால எக்மோன்னாலே கதை முடிஞ்சுதுன்னுதான் கேக்கறவங்க காதுல விழுது. முதல்ல சொன்னது இதயம் நின்னதுக்கு போட்டது, அதுல ரத்தத்த தமனிக்குள்ள திருப்பி விடணும். இங்க இதயம் நல்லா ஓடுது, லங்ஸ் மட்டும்தான் வேலை செய்யல, அதனால சிரையில இருந்து எடுத்து சிரைக்கே திருப்பறோம்னு டாக்டர் உக்கார்ந்து விளக்கினார். பேஷண்டோட அம்மா என்னைப் பாத்து கேட்டாங்க, "ஏன் தம்பி, உடம்புல இருக்கற ரத்தம் மொத்தமும் வெளிய வந்துடுமா?" இல்லம்மா, எந்த நேரத்துலயும் அரை லிட்டர் முக்கால் லிட்டர்தான் வெளிய இருக்கும், சுத்திக்கிட்டே இருக்கும்னு சொன்னேன். செலவு நாளுக்கு லட்சக்கணக்குல போகும், எத்தனை நாள்னு சொல்ல முடியாதுங்கறதையும் மறைக்காம சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம்.

முதல் நாள்: மாட்டினது எப்படி

வலது தொடை சிரை வழியா கேனுலான்னு ஒரு குழாய், 8 மில்லிமீட்டருக்கு மேல தடிமன், அது வயித்துக்குள்ள இருக்கற பெரிய சிரையில மேல வரைக்கும் போகும், அழுக்கு ரத்தத்த உறிஞ்சறது இதுதான். கழுத்து வலது பக்க சிரையில கொஞ்சம் சின்ன கேனுலா, சுத்தமான ரத்தம் இது வழியா இதயத்தோட வலது மேல் அறை வாசல்ல இறங்கும். ரெண்டோட நுனிக்கும் நடுவுல பத்து சென்டிமீட்டராவது இடைவெளி வேணும். இந்த இடைவெளிதான் பின்னாடி எங்கள படுத்தப்போகுது.

நடுவுல என்ன நடக்குதுன்னா, ஒரு சுழல் பம்ப், நிமிஷத்துக்கு 3400 சுத்து, ரத்தத்த இழுத்து ஆக்ஸிஜனேட்டருக்குள்ள தள்ளுது. ஆக்ஸிஜனேட்டர் கையில தூக்கற அளவு டப்பாதான். உள்ள தலைமுடி மாதிரி ஆயிரக்கணக்கான மெல்லிசு குழாய்ங்க, பாலிமெத்தில்பென்டீன்னு ஒரு பிளாஸ்டிக். குழாய்க்கு உள்ள கேஸ் ஓடும், வெளிய ரத்தம் ஓடும், ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொடாது, சுவர் வழியா ஆக்ஸிஜன் ரத்தத்துக்குள்ள வரும் கார்பன் டை ஆக்சைடு வெளிய போகும். நம்ம லங்ஸ்ல காத்தும் ரத்தமும் சந்திக்கற பரப்பு சுமார் 70 சதுர மீட்டர், இந்த டப்பாவுல 2 சதுர மீட்டருக்கும் கம்மி. அதனால ரொம்ப தாராளமா எதிர்பாக்கக்கூடாது.

புதுசா வர்றவங்க குழம்பற இடம் ஒண்ணு இருக்கு. ஆக்ஸிஜன் எவ்வளவு ஏறும்ங்கறத ரத்த ஓட்டம் முடிவு பண்ணும், கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு வெளிய போகும்ங்கறத கேஸ் ஓட்டம் முடிவு பண்ணும், அத நாங்க ஸ்வீப்னு சொல்லுவோம். கார்பன் டை ஆக்சைடு ரொம்ப சுலபமா சுவர தாண்டும், ஸ்வீப்ப கொஞ்சம் திருகினாலே மடமடன்னு இறங்கிடும். இவருக்கு 71ல இருந்துச்சு, டக்குனு இறக்கினா மூளை ரத்தக்குழாய் சுருங்கி ரத்தக்கசிவு வரைக்கும் போகலாம், அதனால ஸ்வீப்ப 2 லிட்டர்ல ஆரம்பிச்சு மறுநாள் காலையில 46க்கு கொண்டுவந்தோம். ரத்த ஓட்டம் நிமிஷத்துக்கு 4.5 லிட்டர். வென்டிலேட்டர சும்மா லங்ஸ் சுருங்காம பாத்துக்கற அளவுக்கு இறக்கினோம், நிமிஷத்துக்கு 10 மூச்சு, பிரஷர் 24, ஆக்ஸிஜன் 40 சதவீதம்.

அன்னைக்கு சாயங்காலம் விரல்ல மாட்டி பாத்த சாச்சுரேஷன், அதாவது ரத்தம் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜனால நிரம்பியிருக்குங்கறது, 89. வீட்டுக்காரங்களுக்கு ஏமாற்றம், இவ்ளோ பெரிய மிஷின் போட்டும் 100 வரலையேன்னு. கணக்கு இப்படித்தான். இதயம் நிமிஷத்துக்கு ஆறரை லிட்டர் ரத்தம் தள்ளுது, அதுல நாலரை லிட்டர் எங்க டப்பா வழியா வந்து 100 ஆகுது, மிச்சம் ரெண்டு லிட்டர் எங்க ட்யூப்ல மாட்டாம நேரா போகுது, அது 65லயே இருக்கு, கெட்டுப்போன லங்ஸ் அதுக்கு ஒண்ணும் சேர்க்கல. ரெண்டும் கலந்தா 89. ஹீமோகுளோபின் போதுமான அளவு இருந்தா இது தாராளம், 80களோட நடுவுல இருந்தாக்கூட பொறுத்துக்கலாம்.

நாலாம் நாள்: சாச்சுரேஷன் விழுந்தது

மூணு நாள் அமைதி. நாலாம் நாள் காலையில உடம்பு துடைச்சு பெட்ஷீட் மாத்தறதுக்கு பேஷண்ட ரெண்டு பக்கமும் புரட்டினாங்க. அரை மணி நேரத்துல சாச்சுரேஷன் 89ல இருந்து 80. ட்யூட்டி டாக்டர், நல்ல பையன்தான், எக்மோல சாச்சுரேஷன் இறங்கினா ஃப்ளோ ஏத்தணும்னு படிச்சிருக்கார், அது தப்பும் இல்ல. பம்ப்ப ஏத்தினார், ஃப்ளோ 4.6ல இருந்து 5.2 ஆச்சு. சாச்சுரேஷன் 76 ஆயிடுச்சு.

நான் உள்ள வர்றப்போ சிஸ்டர் சொன்ன வார்த்தை இன்னும் ஞாபகம் இருக்கு, "அண்ணா, ரெண்டு ட்யூபும் ஒரே மாதிரி இருக்கு பாருங்க." வழக்கமா உறிஞ்சற ட்யூப் நாவப்பழ கலர்ல இருக்கும், திரும்பற ட்யூப் செம்பருத்தி மாதிரி பளிச்னு இருக்கும். அன்னைக்கு ரெண்டுமே செம்பருத்தி. பம்ப் ஸ்க்ரீன் பாத்தா ஃப்ளோ பிரமாதம், ஆக்ஸிஜனேட்டருக்கு அப்புறம் எடுத்த ரத்தத்துல ஆக்ஸிஜன் அழுத்தம் 400க்கு மேல, அதாவது டப்பா ஒழுங்கா வேலை செய்யுது. ஆனா ஆக்ஸிஜனேட்டருக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துல சாச்சுரேஷன் 86. முந்தின நாள் அதே இடத்துல 66.

உடம்புல 76 சாச்சுரேஷன்ல இருக்கற ஆளோட சிரையில இருந்து 86 எப்படி வரும்? வரவே முடியாது. நாங்க கழுத்து வழியா விடற சுத்த ரத்தத்த தொடை கேனுலா அங்கயே திரும்ப உறிஞ்சிக்குது, பம்ப்க்கும் டப்பாவுக்கும் நடுவுலயே சுத்துது, உடம்புக்கு போகவே இல்ல. இதுதான் ரீசர்குலேஷன். ஃப்ளோ ஏத்தினா உறிஞ்சற இழுப்பும் ஏறும், இன்னும் அதிகமா சுத்த ரத்தத்த இழுத்துக்கும், அதனாலதான் ஏத்த ஏத்த மோசமாச்சு.

சாச்சுரேஷன் இறங்கினா காரணம் பெரும்பாலும் மூணுல ஒண்ணு. டப்பா கெட்டிருந்தா டப்பாவுக்கு அப்புறம் எடுக்கற ரத்தமே மோசமா இருக்கும். காய்ச்சல் வந்து இதயம் வேகமா தள்ள ஆரம்பிச்சிருந்தா எங்க பங்கு கம்மியாகும், மேல சொன்ன கணக்குல ஆறரை லிட்டர் ஒம்போது லிட்டர் ஆனாலே 89 அப்படியே 82 ஆயிடும், ஆனா அப்போ டப்பாவுக்கு முன்னாடி ரத்தம் கறுப்பா இருக்கும், சிவப்பா இருக்காது. முன்னாடி ரத்தம் சிவப்பு, உடம்பு மட்டும் நீலம்னா அது ரீசர்குலேஷன்தான்.

முதல்ல பம்ப்ப இறக்கினோம். ஃப்ளோ 4.2க்கு வந்ததும் சாச்சுரேஷன் 81க்கு ஏறிச்சு, பாத்துக்கிட்டு இருந்த ட்யூட்டி டாக்டருக்கு நம்பவே முடியல. அப்புறம் எக்ஸ்ரே, எக்கோ. தொடை கேனுலா நாலு சென்டிமீட்டர் மேல ஏறி கழுத்து கேனுலா நுனிக்கு பக்கத்துல போய் நிக்குது. புரட்டறப்போ கால் மடங்கி ட்யூப்ப உள்ள தள்ளியிருக்கு, தையல் ஒண்ணு தளர்ந்திருந்துச்சு. எக்கோ பாத்துக்கிட்டே மெதுவா வெளிய இழுத்து புதுசா தையல் போட்டாங்க. வெளிய இழுக்கலாம், வெளிய இருந்த பகுதிய உள்ள தள்ளக்கூடாது, கிருமியும் கூடவே போயிடும். அரை மணி நேரத்துல முன் ரத்தம் 67, விரல்ல 90, ட்யூப் ரெண்டும் வேற வேற கலர்.

ஏழுல இருந்து பதினோராம் நாள் வரை: டப்பா அடைச்சது

ரத்தம் பிளாஸ்டிக்க தொட்டாலே உறைய பாக்கும், அதனால உறையாம தடுக்கற ஹெப்பரின் மருந்து ஓடிக்கிட்டே இருக்கும். ஏழாம் நாள் மூக்குல ரத்தம் நிக்காம வந்துச்சு, ஈஎன்டி டாக்டர் பஞ்சு அடைச்சார், ஹெப்பரின்ன பாதிக்கும் கீழ குறைச்சோம். அது சரியான முடிவுதான். ஆனா ஹெப்பரின் குறைச்சா டப்பா உறைய ஆரம்பிக்கும், அத அடிக்கடி பாத்துக்கணும்ங்கறத யாரும் தெளிவா எழுதி வைக்கல.

ஒம்போதாம் நாள்ல இருந்து ஸ்வீப்ப ஏத்திக்கிட்டே வர்றோம், 4 லிட்டர், 6, 8, ஆனாலும் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. லங்ஸ்தான் மோசமாகுதுன்னு நெனச்சோம். பத்தாம் நாள் ராத்திரி டப்பாவுக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கற பிரஷர் வித்தியாசம் பாத்தேன், முதல் நாள் 25 இருந்தது இப்போ 68, ஃப்ளோ அதேதான். அதே ரத்தத்த தள்ள ரெண்டரை மடங்குக்கு மேல அழுத்தம் வேணும்னா வழி அடைச்சிருக்குன்னு அர்த்தம். டார்ச் அடிச்சு பாத்தா டப்பா மூலையில கருப்பா திட்டு திட்டா. ரத்தம் உறையறத காட்டற டி-டைமர் டெஸ்ட் ரெண்டு நாள்ல எக்கச்சக்கமா ஏறியிருந்துச்சு. டப்பாவுக்கு அப்புறம் ஆக்ஸிஜன் அழுத்தம் 400ல இருந்து 190.

இந்த தடவை கலர் காட்டிக்கொடுக்கல. 190ன்னாலும் ஹீமோகுளோபின் முழுசா நிரம்பிடும், ட்யூப் பாக்க அதே செம்பருத்திதான். கலர் மாறற வரைக்கும் காத்திருந்தா மிஞ்சறது நிமிஷக்கணக்கு. இத நான் நல்லா அறிஞ்சும் அன்னைக்கு ராத்திரி மாத்தாம காலைக்கு தள்ளினோம், ராத்திரி ஆள் கம்மி, அவசரத்துல மாத்தறத விட பகல்ல எல்லாரும் இருக்கறப்போ மாத்தலாம்னு. ஐசியூ சீஃப்கிட்ட போன்ல பேசினப்போ அவரும் அதையே சொன்னார். ஒரு மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துக்கிட்டே உக்கார்ந்திருந்தேன், காலையில 110.

மாத்தறதுன்னா மிஷின நிறுத்தணும், அந்த நேரம் ஆளுக்கு லங்ஸே இல்லாத மாதிரி. டப்பாவும் ட்யூபும் சேர்ந்த புது சர்க்யூட்ட சலைன்ல நிரப்பி ஒரு குமிழி இல்லாம தட்டி தட்டி எடுத்தோம், வென்டிலேட்டர 100 சதவீதத்துக்கு ஏத்தினோம், ரத்த பாக்கெட் ரெண்டு கையில. யார் கிளாம்ப் போடறது, யார் வெட்டறது, யார் சலைன் ஊத்தறதுன்னு வெறும் கையாலயே மூணு தடவை ஒத்திகை. அப்புறம் பம்ப் ஸ்டாப், நாலு கிளாம்ப், கத்தரி, ரெண்டு முனையிலயும் சலைன் வழியவிட்டு காத்து போகாம சேர்த்து, கிளாம்ப் எடுத்து பம்ப் ஆன். ஒரு நிமிஷத்துக்கு கொஞ்சம் கம்மி. சாச்சுரேஷன் 58 வரைக்கும் போச்சு, இதயத்துடிப்பு இறங்க ஆரம்பிச்சப்போ புது ரத்தம் போய் சேர்ந்துச்சு. பழைய டப்பாவ அப்புறம் கழுவி பாத்தோம், மூணுல ஒரு பங்கு கெட்டியா உறைஞ்சிருந்துச்சு.

புது டப்பா போட்டதும் ஸ்வீப் 3 லிட்டருக்கு இறங்கிடுச்சு, அதே கார்பன் டை ஆக்சைடுக்கு. அதாவது ரெண்டு நாளா லங்ஸ் மேல போட்ட பழி டப்பாவோடது.

பதினாலுல இருந்து பத்தொன்பது வரை: கழட்டினது

ஆரம்பத்துல அதே வென்டிலேட்டர் பிரஷருக்கு ஒரு மூச்சுக்கு 90 மி.லி. காத்துதான் உள்ள போச்சு. பதினாலாம் நாள் 220, பதினாறாம் நாள் 310. எக்ஸ்ரேல ஓரத்துல கருப்பு தெரிய ஆரம்பிச்சுது, கருப்புன்னா காத்து, நல்ல சேதி.

இந்த வகை எக்மோல கழட்டி பாக்கற டெஸ்ட் சுலபம், ரத்த ஓட்டத்த தொட வேண்டாம், ஸ்வீப் கேஸ மட்டும் மூடினா போதும். ரத்தம் டப்பா வழியா சும்மா போயிட்டு வரும், மொத்த வேலையும் லங்ஸ் தலையில. பதினாறாம் நாள் மூடினோம், ஆக்ஸிஜன் தாங்கிச்சு, ஆனா ஒரு மணி நேரத்துல மூச்சு நிமிஷத்துக்கு 38, கார்பன் டை ஆக்சைடு 61, திறந்துட்டோம். அவசரப்படல. பத்தொன்பதாம் நாள் திரும்ப மூடி ஆறு மணி நேரம் விட்டோம், மூச்சு 24, கார்பன் டை ஆக்சைடு 44, வென்டிலேட்டர் ஆக்ஸிஜன் 50 சதவீதத்துல அழுத்தம் 88. அன்னைக்கு சாயங்காலமே கேனுலா எடுத்தாச்சு.

என்ன ஆச்சு

வென்டிலேட்டர்ல இருந்து விடுபட இன்னும் எட்டு நாள். முப்பத்தெட்டாம் நாள் வீட்டுக்கு போனார், 14 கிலோ குறைஞ்சு, குரல் கம்மிப்போய், வாக்கர் புடிச்சு. கேனுலா எடுத்து நாலு நாள் கழிச்சு வலது கால் வீங்கிச்சு, ஸ்கேன்ல தொடை சிரையில ரத்தக்கட்டி, கேனுலா இருந்த அதே இடம். ரத்தம் இளக்கற மாத்திரை மூணு மாசம். ஆறாவது மாசம் ரிவ்யூக்கு பைக் ஓட்டிக்கிட்டு வந்தார், மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னு மட்டும் சொன்னார்.

இப்போ எத மாத்தியிருக்கோம்

கேனுலா தோலுக்குள்ள நுழையற இடத்துல மார்க்கர்ல கோடு, வெளிய எத்தனை சென்டிமீட்டர்னு ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் டேப் வெச்சு அளந்து சார்ட்ல எழுதணும். புரட்டறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அதே அளவு. புரட்டறப்போ ஒரு ஆள் ட்யூப்ப மட்டும் புடிச்சுக்கணும், வேற வேலை செய்யக்கூடாது.

சாச்சுரேஷன் இறங்கினா பம்ப்ல கை வைக்கறதுக்கு முன்னாடி டப்பாவுக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு ரத்தம் எடுக்கணும், ரிசல்ட் வர ரெண்டு நிமிஷம் ஆகும், அதுக்குள்ள ட்யூப் கலர பாக்கணும். உயிர் போற நிலைமைன்னா வேற கதை, அப்போ வென்டிலேட்டர் ஆக்ஸிஜன ஏத்திட்டு ரத்தம் எடுக்கலாம்.

ஹெப்பரின் குறைச்ச நிமிஷத்துல இருந்து பிரஷர் வித்தியாசம் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, டப்பாவுக்கு அப்புறம் ரத்தம் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, டார்ச் ஒவ்வொரு ஷிஃப்ட்லயும். ஸ்வீப்ப ஒரே நாள்ல ரெண்டு தடவை ஏத்த வேண்டி வந்தா டப்பாவத்தான் முதல்ல சந்தேகப்படணும். ராத்திரி மாத்தாம விட்டது சரியா தப்பான்னு எங்களுக்குள்ள இன்னும் ஒத்துவரல. நான் தப்புன்னு சொல்றேன், சீஃப் சரின்னு சொல்றார். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டது ஒண்ணுதான், டப்பாவுக்கு அப்புறம் ஆக்ஸிஜன் அழுத்தம் 200க்கு கீழ வந்தா மணி பாக்காம புது சர்க்யூட்ட நிரப்பி பெட் பக்கத்துலயே தயாரா வைக்கணும்னு.

கேனுலா எடுத்த எல்லாருக்கும் இப்போ மறுநாளே கால் சிரை, கழுத்து சிரை ஸ்கேன் எடுக்கறோம், வீக்கம் வர்ற வரைக்கும் காத்திருக்கறது இல்ல.